ஏரிக்கரை வழி வேணாம், கோயில் தெரு வழியா வரட்டும்: ஊராட்சிக்கு நான் எழுதின ரெண்டாவது லெட்டர்

முதல் லெட்டர் ஒரே பாரா. "பள்ளி மாணவ மாணவியரின் நலன் கருதி, அவர்கள் பாதுகாப்பாக நடந்து வர ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஹெட்மாஸ்டர் கையெழுத்து, ஸ்கூல் சீல் எல்லாம் இருந்துச்சு. 2023 ஜூன்ல கொடுத்தேன், வாங்கி ஃபைல்ல வச்சாங்க, அவ்ளோதான். ரெண்டு மாசம் எனக்குக் கோவமா இருந்துச்சு, அப்புறம் ஒரு நாள் அந்த காப்பிய எடுத்துப் படிச்சுப் பாத்தேன், நான் தலைவரா இருந்தாலும் இத வச்சுக்கிட்டு என்னத்த பண்ணியிருப்பேன்னு தெரியல. எந்த இடம், எத்தன புள்ளைங்க, யாரோட ரோடு, என்ன வேணும், ஒண்ணுமே அதுல இல்ல. ஆவன செய்யணுமாம்.

எங்க ஸ்கூல் கடலூர் மாவட்டத்துல பண்ருட்டி பக்கம், ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் இருக்கற நடுநிலைப் பள்ளி. ஊர் பேரு வேணாம், ஏன்னு பின்னாடி புரியும். காலனியிலேருந்து மட்டும் 47 புள்ளைங்க நடந்து வராங்க. வர்ற வழி ஏரிக்கரை. கரையில நடந்து, மதகுகிட்ட இறங்கி, மெயின் ரோட்டத் தாண்டுனா எதிர்ல ஸ்கூல் சந்து. அந்த ஜூன்ல நாலாவது படிக்கற பையன் ஒருத்தன் மதகுகிட்ட ரோட்டத் தாண்டும்போது ஒரு பைக் அவன் பையில உரசிட்டுப் போயிடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல, பை கிழிஞ்சு டிபன் பாக்ஸ் நசுங்கிடுச்சு. அந்த நசுங்கின மூடிய பாத்துட்டுதான் முதல் லெட்டரே எழுதினேன்.

ரெண்டாவது லெட்டருக்கு முன்னாடி நடந்தேன். முதல் தடவ ஞாயித்துக்கிழமை மத்தியானம் தனியா போனது சுத்த வேஸ்ட், ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வழிய பாக்கணும்னா புள்ளைங்க நடக்கற அதே நேரத்துல, அதே திசையில, அவங்களோட நடக்கணும். காலையில 8.30 மணிக்குக் காலனி வேப்பமரத்தடியில நின்னேன். சாயங்காலம் அவங்களோடயே திரும்பினேன், போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இருக்காது, காலையில அவசரம், சாயங்காலம் மாங்கா மரம்.

ஏழாவது படிக்கற ரெண்டு பசங்க சைக்கிள வச்சு அளந்தோம். முன் டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, ஸ்கூல் கிரவுண்டுல டேப்ப விரிச்சு பத்து சுத்து உருட்டுனோம், 20 மீட்டர் 50 சென்டிமீட்டர் வந்துச்சு. அப்ப ஒரு சுத்து 2.05 மீட்டர். ஏரிக்கரை வழியா வேப்பமரத்துலேருந்து ஸ்கூல் கேட் வரைக்கும் 540 சுத்து, அதாவது 1,107 மீட்டர். கோயில் தெரு வழியா வந்து பஸ் ஸ்டாப்புல ரோட்டத் தாண்டி வந்தா 632 சுத்து, 1,296 மீட்டர். வித்தியாசம் 189 மீட்டர், சின்னப் புள்ளைங்க நடைக்கு மூணு நிமிஷத்துக்கு மேல ஆகாது. (சைக்கிள தள்ளிக்கிட்டேதான் போகணும், ஓட்டுனா எண்ணிக்கை தப்பிடும். முதல் தடவ எங்களுக்குத் தப்பிடுச்சு.)

ரோட்டத் தாண்டுற இடத்துக்கு வரேன், ஏன்னா இந்த லெட்டரே அந்த ஒரு கணக்குலதான் நிக்குது. மதகுகிட்ட ரோடு வளையுது, வளைவோட உள்பக்கம் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கு. என் உசரத்துக்கு எட்டிப் பாத்தா பண்ருட்டி பக்கத்துலேருந்து வர்ற வண்டி ஓரளவு தெரியும். ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களுக்கு கண்ணு தரையிலேருந்து ஒரு மீட்டர் உசரத்துல இருக்கு. அதனால குந்திக்கிட்டு பாத்தேன், ஒரு பையன் செவப்புத் துண்ட புடிச்சுக்கிட்டு ரோட்டோரமா வளைவுக்குள்ள நடந்து போனான், துண்டு மறையற இடத்துல நில்லுன்னேன். அளந்தா 32 மீட்டர்.

அடுத்து வண்டி வேகம். ரெண்டு கரண்ட் கம்பத்துக்கு நடுவுல 50 மீட்டர், போன்ல ஸ்டாப்வாட்ச். பெரும்பாலான பைக்கும் டிப்பரும் நாலு செகண்டுல கடந்துச்சு, அப்படின்னா செகண்டுக்கு 12 மீட்டருக்கு மேல, மணிக்கு 45 கிலோமீட்டர். பெரிய வேகம்லாம் இல்ல, யாரையும் திட்ட முடியாது. ரோட்டோட அகலம் அஞ்சரை மீட்டர். புள்ளைங்க நின்னு, பாத்து, யோசிச்சு, கையப் புடிச்சுக்கிட்டு தாண்ட ஆறு செகண்ட் ஆகுது. அந்த ஆறு செகண்டுல வண்டி 75 மீட்டர் வந்துடும். கண்ணுக்குத் தெரியறதோ 32 மீட்டர்தான், ரெண்டரை செகண்ட் தூரம். புரியுதா, புள்ள ரெண்டு பக்கமும் ஒழுங்கா பாத்துட்டு, வண்டியே இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சு கால எடுத்து வச்சாலும், பாதி ரோட்டுல வண்டி வந்து நிக்கும். நாம கிளாஸ்ல "ரெண்டு பக்கமும் பாத்துட்டுத் தாண்டுங்கடா"ன்னு சொல்றது அந்த இடத்துல உதவாது. பை கிழிஞ்ச அந்தப் பையன் பாத்துட்டுதான் தாண்டுனேன்னு அழுதான், நான்தான் நம்பல.

பஸ் ஸ்டாப் மதகுலேருந்து 120 மீட்டர் தள்ளி இருக்கு. ரோடு அங்க நேரா இருக்கும், ரெண்டு பக்கமும் செவப்புத் துண்டு 100 மீட்டர் தாண்டியும் தெரிஞ்சுது. டீக்கடை இருக்கு, ஆளுங்க நிப்பாங்க, பஸ்ஸுக்காக வண்டிங்களும் கொஞ்சம் மெதுவா வரும். கரும்பு டிராக்டர் வந்தாலும் முழுசாத் தெரியும். (கரும்பு சீசன்ல டிராக்டர் மெதுவாத்தான் வரும், அத ஓவர்டேக் பண்ணிக்கிட்டு பின்னாலேருந்து வர்ற பைக்குதான் பயம்.) ஆக தாண்ட வேண்டிய இடம் பஸ் ஸ்டாப்புதான், பஸ் ஸ்டாப்புக்குப் போற வழி கோயில் தெரு.

அப்ப ஏன் 47 புள்ளைங்களும் ஏரிக்கரை வழியா வராங்க? கேட்டா எல்லாரும் "குறுக்கு வழி டீச்சர்"னு சொன்னாங்க. மூணு நிமிஷத்துக்காகவா? சாயங்காலம் மாங்கா மரத்தடியில அர மணி நேரம் நிக்கறவங்க. நாலாவது நாளு, சார்ட்டுல வழி வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது, ஏழாவது படிக்கற ஒரு பொண்ணு ஸ்கெட்ச கையில வச்சுக்கிட்டு தல நிமிராம சொன்னா, "அந்தத் தெருவுல போனா எங்க போற, யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க டீச்சர்." அதுக்கு மேல அவ சொல்லல, நானும் கேக்கல. நானும் இந்த மாவட்டத்துலதான் பொறந்தேன்.

அதுக்கு முன்னாடி என் பிளான் ஏரிக்கரைய சரி பண்ணச் சொல்றதா இருந்துச்சு, வேலிகாத்தான வெட்டி, கரையில கிராவல் கொட்டி, மதகுகிட்ட வேகத்தடை. அப்படி எழுதியிருந்தா தலைவர் சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பாங்க, எல்லாருக்கும் வசதி. ஆனா வேலிகாத்தான வெட்டுனா ஒரே மழையில திரும்ப தளிர்த்துடும், வளைவு வளைவாத்தான் இருக்கும், கரை களிமண்ணு, ஐப்பசி கார்த்திகையில வழுக்கும், ஒரு பக்கம் தண்ணி. நவம்பர்ல சூரியன் 5.40 மணி வாக்குல இறங்கிடும், எட்டாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடியறது 5.30. அந்தக் கரையில ஒரு விளக்கு கிடையாது, கூப்பிட்டா கேக்க ஒரு வீடு கிடையாது. கோயில் தெருவுல 30 வீட்டுக்கு மேல இருக்கு.

அடுத்து எந்த இடம் யாரோடதுன்னு பாக்கணும். முதல் லெட்டர் தூங்கினதுக்கு உண்மையான காரணம் அதுதான்னு இப்ப நினைக்கறேன். விஏஓ ஆபீஸ்ல கிராம வரைபடத்தயும் அ-பதிவேட்டயும் காட்டச் சொன்னேன், ஊராட்சி செயலர்கிட்ட சாலைப் பதிவேடு. காலனித் தெரு, வாய்க்கால் மேல இருக்கற சின்னப் பாலம், கோயில் தெரு, ஸ்கூல் சந்து எல்லாம் ஊராட்சியோடது. பஸ் ஸ்டாப் இருக்கற மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறை, அதுல ஊராட்சி ஒரு கோடு கூட போட முடியாது, தீர்மானம் போட்டு அனுப்பத்தான் முடியும். ஏரிக்கரை ஊராட்சியோடதே இல்ல. ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டு நிலம் 100 ஏக்கருக்குக் கீழ இருந்தா ஒன்றியத்து ஏரி, மேல இருந்தா நீர்வளத் துறை கைக்குப் போயிடும், எங்களுது ஒன்றியம். கோயில் தெரு பேர்ல கோயில் இருக்கறதால அது கோயில் இடம்னு ஊர்ல பாதி பேரு நெனைச்சுக்கிட்டு இருந்தாங்க. பதிவேட்டுல தெளிவா இருந்துச்சு, ஊராட்சி சாலை, நீளம், அகலம், சிமெண்ட் போட்ட வருஷம் எல்லாம்.

மேப்ப ஏ3 பேப்பர்ல வரைஞ்சோம், ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர், அப்பதான் 1,296 மீட்டரும் ஒரே தாள்ல அடங்கும். வழிய பச்சை ஸ்கெட்ச்சால போட்டு, ரோடு எங்கலாம் மாறுதோ அங்கலாம் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். அஞ்சு துண்டு வந்துச்சு. ஏரிக்கரைய செவப்புப் புள்ளிக் கோடா போட்டு, மதகுகிட்ட 32 மீட்டர், பஸ் ஸ்டாப்புல 100 மீட்டர்னு ரெண்டு அம்பு. வேப்பமரம், ரேஷன் கடை, கை பம்பு, டீக்கடை எல்லாம் புள்ளைங்க கையால வரைஞ்சது. சர்வே நம்பர விட கை பம்புதான் ஊர்ல எல்லாருக்கும் புரியும்.

லெட்டர்ல இருந்த முக்கியமான பகுதி இது:

"காலனியிலிருந்து நடந்து வரும் 47 மாணவர்களுக்கு, இணைப்பு வரைபடத்தில் பச்சைக் கோட்டில் காட்டியுள்ள கோயில் தெரு வழியைப் பள்ளி நடைபாதையாக ஊராட்சி ஏற்று, 2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறேன். கோயில் தெரு ஊராட்சி சாலைப் பதிவேட்டில் உள்ள பொதுச் சாலை. ஊராட்சியே செய்யக்கூடியவை மூன்று: வாய்க்கால் பாலத்தின் இரு பக்கமும் கைப்பிடிச் சுவர், எரியாமல் உள்ள இரண்டு தெரு விளக்குகளை மழைக்காலத்துக்கு முன் மாற்றுவது, பள்ளிச் சந்தில் கழிவுநீர் தேங்கும் 15 மீட்டருக்கு வடிகால். நெடுஞ்சாலைத் துறைக்கு ஊராட்சி அனுப்ப வேண்டியது ஒன்று: பஸ் நிறுத்தத்தில் பாதசாரிக் கோடும், இரு பக்கமும் பள்ளி எச்சரிக்கைப் பலகையும். ஏரிக்கரை வழியில் எந்த வேலையும் கேட்கவில்லை."

கடைசி வரிய எழுதறதா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதலன்னா எல்லாரும் கரையப் பத்தியே பேசி முடிச்சுடுவாங்கன்னு தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவுல முதல்ல வச்சு தீர்மானம் வாங்கி, அந்த நகலையும் சேர்த்து, ஹெட்மாஸ்டர் வழியாத்தான் அனுப்பினேன். கவர்மெண்ட் டீச்சர் தனியா மனு கொடுத்தா அது டீச்சரோட பிரச்சனையாயிடும்.

எங்க தலைவர் ஒரு அம்மா, ஆனா லெட்டர வாங்கிப் படிச்சது அவங்க வீட்டுக்காரர். படிச்சுட்டு சிரிச்சாரு. "என்ன டீச்சர், வேகத்தடை கேக்கவே இல்லையே, நம்ம பசங்கள வச்சு மதகுகிட்ட இன்னைக்கே ஒண்ணு போட்டுடலாம்."

"வேணாங்க. ரேஷன் கடைகிட்ட போட்டாங்களே ஒண்ணு, அதப் பாத்தீங்களா?"

அது பசங்க ஒரு மூட்ட சிமெண்ட வச்சு போட்டது, ஒரு அடி அகலம், செங்குத்தா, ரோட்டோரத்துல ரெண்டு அடி விட்டுட்டாங்க. பைக்குக்காரங்க எல்லாம் அந்த ரெண்டு அடியிலதான் போறாங்க, அதாவது புள்ளைங்க நடக்கற ஓரத்துல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உசரம், மெதுவா ஏறி மெதுவா இறங்கும், மணிக்கு 25 கிலோமீட்டர்ல போனா வண்டி தூக்கிப் போடாது. அத நெடுஞ்சாலைத் துறைதான் போடணும், முன்னாடியே பலகை வேற வைக்கணும். வளைவுல ராத்திரியில தெரியாம ஏறி ஒருத்தர் விழுந்தா அந்தப் பாவம் யாரோடது?

அவரு கொஞ்ச நேரம் மேப்பப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் குரல தாழ்த்தி, "கோயில் தெருன்னு எழுத்துல எதுக்கு டீச்சர்? புள்ளைங்கதான, சும்மா வந்துட்டுப் போகட்டும், யாரு வேணாங்கறா."

"யாரும் வேணாங்கலன்னா எழுதறதுல என்னங்க இருக்கு."

உள்ள அரிசி பொடைச்சுக்கிட்டிருந்த தலைவரம்மா அப்பதான் வெளிய வந்தாங்க. மேப்ப தலைகீழா புடிச்சு, அப்புறம் திருப்பி, கை பம்ப கண்டுபுடிச்சு, அங்கேருந்து விரல நகர்த்திக்கிட்டே போயி, "இந்த 32ன்னா என்ன டீச்சர்?"னு கேட்டாங்க. சொன்னேன். "அப்ப அந்த ரெண்டரை செகண்டுக்குள்ள எம் பேரன் கூட தாண்ட மாட்டானே"ன்னாங்க. இத்தனைக்கும் அவங்க பேரன் வேன்ல இங்கிலீஷ் மீடியம் போறவன். தீர்மானப் பட்டியல்ல சேர்க்கச் சொன்னது அவங்கதான்.

கிராம சபையில பெரிய சண்ட வரும்னு நெனைச்சுக்கிட்டுப் போனேன், வரல. குடிதண்ணி, நூறு நாள் வேலை சம்பளம்னு ரெண்டு மணி நேரம் ஓடி, எங்க விஷயம் வரும்போது பாதி பேரு கிளம்பிட்டாங்க. மேப்ப பந்தல் கால்ல மாட்டி வச்சிருந்தேன். தெருக்காரர் ஒருத்தர் எழுந்து, "காலையில நூறு புள்ளைங்க கத்திக்கிட்டுப் போனா வயசானவங்க என்ன பண்றது"ன்னு கேட்டாரு. 47தான், அதுவும் காலையில 20 நிமிஷம்னு சொன்னேன். இன்னொருத்தர் ஏரிக்கரைக்கே லைட் போடலாமேன்னாரு, செயலர் அது ஒன்றியத்து இடம்னு சொல்லவும் பேச்சு அங்கயே நின்னுச்சு. அந்த ஒரு பதிலுக்காகத்தான் பதிவேட்டுக்கு நாலு தடவ நடந்தேன். தீர்மானம் நிறைவேறிச்சு, மினிட் புக்குல "கோயில் தெரு வழியாக"ன்னு வார்த்தைக்கு வார்த்தை எழுதறாங்களான்னு பக்கத்துலயே நின்னு பாத்தேன், செயலருக்கு அது புடிக்கல.

விளக்கு பத்து நாள்ல வந்துடுச்சு. பாலத்துச் சுவருக்கு ஓவர்சியர் வந்து அளந்து எஸ்டிமேட் போட்டு, பொங்கலுக்கு அப்புறம் கட்டினாங்க, ஒரு பக்கம் மட்டும், இன்னொரு பக்கம் அடுத்த ஃபண்டுலன்னாங்க. சந்துல வடிகால் போட்டாங்க, ஆனா வாட்டம் தப்பு, தண்ணி அஞ்சு மீட்டர் தள்ளிப் போயி நிக்குது. நான் மழை பேஞ்ச மறுநாள் நடந்து அளந்திருக்கணும், செப்டம்பர் வெயில்ல அளந்தது என் தப்பு.

புள்ளைங்கள தெருவுக்குக் கொண்டு வந்தது தீர்மானம் இல்ல, சத்துணவு ஆயா. அவங்க வீடு காலனியில, முதல் ரெண்டு வாரம் காலையில எல்லாரையும் வரிசையா கூட்டிக்கிட்டு கோயில் தெரு வழியா வந்தாங்க, நான் பஸ் ஸ்டாப்புல நின்னேன். மூணாவது நாள் ஒரு வீட்டு வாசல்ல கோலத்த மிதிச்சுட்டாங்கன்னு சத்தம். ஆயா திருப்பி ஒரு வார்த்தை பேசல, மறுநாளு வரிசைய தெருவோட எதிர் ஓரத்துக்கு மாத்திட்டாங்க. எனக்கு அது புடிக்கல, ஆனா வரிசை நிக்கல.

நெடுஞ்சாலைத் துறைக்குப் போன கடிதத்துக்கு பதினோரு மாசம் கழிச்சு கோடு வந்துச்சு, பலகை ஒரு பக்கம் மட்டும். 2025 ஜனவரியில தலைவரம்மாவோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாங்க. கோடு அதுக்குள்ள டயர் தேஞ்சு பாதி போயிடுச்சு, திரும்ப போடச் சொல்லி போனப்ப "எந்த வழி, எந்த மேப்"னு கேட்டாங்க, தீர்மான நகல எடுத்து மேஜ மேல வச்சேன். புது லெட்டர் எழுத வேண்டியே வரல.

போன வாரம் திரும்ப எண்ணினேன். 44 புள்ளைங்க வராங்க, 36 பேரு தெரு வழியா, எட்டு பேரு இன்னும் ஏரிக்கரை. எட்டு பேரும் மூணு வீட்டுப் புள்ளைங்க. அதுல ரெண்டு வீடு கரைக்குப் பக்கத்துலயே இருக்கு, அவங்களுக்கு தெரு வழி நெசமாவே சுத்து, 300 மீட்டருக்கு மேல வருது, மேப்ப வேப்பமரத்துலேருந்து ஆரம்பிச்சப்ப எனக்கு அது தோணவே இல்ல. மூணாவது வீட்டுக்காரர் தெரு வழியா அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாரு, காரணத்த நான் கேக்கல, அவரும் சொல்லல. மழைக்கு முன்னாடி ஆயாவோட போயி ஒரு தடவ உக்காந்து பேசணும்.